புல்லில் தாமிரம் இருக்கிறது, மாட்டில் இல்லை: அறிகுறி வாரியாகத் தாமிரக் குறையைப் பிடிப்பது

மேய்ச்சல் மாடுகளில் தாமிரக் குறை இரண்டு வழியில் வரும். புல்லிலேயே தாமிரம் போதாமல் இருப்பது ஒன்று. மணற்பாங்கான நிலங்களிலும், தாமிரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் மக்கு மண்ணிலும் இதைப் பார்க்கலாம். காய்ந்த எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே புல்லின் தாமிரம் இறங்கினால் மாடு தாங்காது. இது நேரடிக் கணக்கு, கண்டுபிடிப்பதும் எளிது. குழப்புவது இரண்டாவது வகைதான். புல்லில் தாமிரம் 7, 8 என்று கௌரவமாக இருக்கும், ஆனால் மாலிப்டினம், கந்தகம், இரும்பு மூன்றில் ஒன்றோ இரண்டோ அதை வயிற்றிலேயே மடக்கிவிடும். தாமிர எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "சத்து இருக்கிறது" என்று தாளை மடித்துவைப்பவர்களைத்தான் இது ஏமாற்றும். இங்கே அந்த இரண்டாவது வகையைத்தான், முக்கியமாக மாலிப்டினத்தை, எடுத்துக்கொள்கிறேன்.

அறிகுறி: முடி வெளுக்கிறது

கறுப்பு மாடு துருப்பிடித்த பழுப்பாகும். சிவப்பு மாடு சாயம் போன மஞ்சளாகும். கண்ணைச் சுற்றி முடி நரைத்து, மூக்குக்கண்ணாடி போட்டதுபோலத் தெரியும். காரணம் எளிது. முடிக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்கும் டைரோசினேஸ் என்ற நொதிக்குத் தாமிரம் இல்லாமல் வேலை ஓடாது. முடியின் அமைப்பும் கெடுகிறது. செம்மறியின் கம்பளி தன் சுருளை இழந்து, நேராகவும் கம்பிபோலவும் வளர்வது இதனால்தான்.

ஆனால் வெளுத்த முடியைப் பார்த்ததும் தாமிரம் என்று முடிவு கட்டாதீர்கள். வெயிலும் வெளுக்க வைக்கும், குடற்புழு வதைத்த மாடும் வெளிறும், தீனி போதாத மாட்டின் பழைய முடி உதிராமல் மங்கிக் கிடக்கும். பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நல்ல வெளிச்சத்தில் மாட்டின் கழுத்துப் பக்கமோ விலாவிலோ முடியை விரலால் பிரித்து, தோலை ஒட்டிய அடியைப் பாருங்கள். நுனி மட்டும் வெளுத்து அடிமுடி கருகருவென்று இருந்தால் பெரும்பாலும் வெயில்தான். அதுவும் முதுகில் மட்டும் வெளுத்து, வயிற்றுப் பக்கம் இருட்டாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அடியில் புதிதாக முளைக்கும் முடியே மங்கலாக வந்தால் இப்போதும் ஏதோ குறைகிறது என்று அர்த்தம். உறுதியாக வேண்டுமென்றால் ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் முடியை மழித்துவிட்டு, சில வாரம் கழித்து அங்கே முளைப்பது என்ன நிறம் என்று பாருங்கள்.

கறுப்புச் செம்மறி இருந்தால் அதுதான் நல்ல சாட்சி. கம்பளி நீளமாக வளர்வதால் காலக்கோடு மாதிரிப் படித்துவிடலாம். குறை இருந்த மாதங்களில் வெள்ளைப் பட்டை, சத்து கிடைத்த மாதங்களில் கறுப்புப் பட்டை என்று ஒரே இழையில் மாறி மாறித் தெரியும். மந்தையில் ஒன்றிரண்டு கறுப்பு ஆடு இருந்தால், அவற்றின் ஓர் இழையைப் பிரித்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்று: அடிக்கண்ணிமையைக் கீழே இழுத்துப் பாருங்கள். வெளிறிப்போயிருந்தால் முதலில் சாணத்தைக் குடற்புழு சோதனைக்கு அனுப்புங்கள். தாமிரம் குறைந்தாலும் இரத்தசோகை வரும், ஆனால் புழு அதைவிட மிகச் சாதாரணம்.

அறிகுறி: பசும்புல்லில் விட்டதும் கழிச்சல்

வேறு மேய்ச்சலுக்கு மாற்றிய சில நாளில் மந்தை முழுக்கத் தண்ணீராகக் கழிகிறது, காய்ச்சல் இல்லை, தீனி எடுக்கிறது, ஆனால் உடம்பு வற்றுகிறது என்றால் மாலிப்டினத்தைச் சந்தேகிக்கலாம். இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் இப்படிப்பட்ட நிலங்கள் நெடுங்காலமாகப் பெயர்பெற்றவை. அங்கே சில புல்வெளிகளில் மாலிப்டினம் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேலும் போகும். இந்தக் கழிச்சல் தாமிரம் கொடுத்தால் ஓரிரு நாளில் நிற்கும். வேறு எந்தக் காரணத்தால் வந்த கழிச்சலும் இவ்வளவு விரைவில் தாமிரத்துக்குக் கட்டுப்படாது. ஆகவே சிகிச்சையே சோதனையாகவும் ஆகிறது. தளிர்ப்புல்லால் வரும் சாதாரண இளகிய சாணத்தோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சில நாளில் தானாகவே கட்டும்.

அறிகுறி: கிடாரி பருவத்துக்கு வரவில்லை, பசு சினை பிடிக்கவில்லை

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஒரு மந்தையில் சினைப்பிடிப்பு குறைந்தால் காரணங்களின் வரிசையில் தாமிரம் முன்னால் நிற்பதில்லை. உடல்நிலை மெலிந்திருக்கிறதா, சினைப்பருவத்தைச் சரியாகக் கவனிக்கிறோமா, காளையின் விந்து தரம் எப்படி, கருவைக் கலைக்கும் தொற்றுநோய் உண்டா என்று இவற்றை முதலில் தள்ளிவைத்துவிட்டுத்தான் தாதுக்குறைக்கு வர வேண்டும்.

அதையெல்லாம் பார்த்த பிறகும் கிடாரிகள் எடையில் சரியாக இருந்தும் பருவத்துக்கு வருவது தாமதமாகிறது, வந்தாலும் சினை நிற்பதில்லை என்றால் மாலிப்டினத்தைப் பாருங்கள். தாமிரத்தைவிட மாலிப்டினம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1987-ல் வெளியான ஒரு ஸ்காட்லாந்து ஆய்வில் கிடாரிகளில் ஒரு குழுவுக்குத் தீவனத்தில் மாலிப்டினத்தையும், இன்னொரு குழுவுக்கு இரும்பையும் கூட்டிக் கொடுத்தார்கள். இரண்டு குழுவிலும் உடலில் தாமிரம் ஏறக்குறைய ஒரே அளவுக்கு இறங்கியது. ஆனால் பருவம் தள்ளிப்போனதும், சினைப்பிடிப்பு குறைந்ததும் மாலிப்டினக் குழுவில்தான். இரும்புக் குழு தாமிரம் குறைந்தும் சினை பிடித்தது.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். சினைப் பிரச்சினைக்கு இரத்தத்தில் தாமிரம் குறைவு என்று சீட்டு வந்ததும் ஊசி போட்டுவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். மேய்ச்சல் புல்லில் மாலிப்டினம் எவ்வளவு என்று தெரியாதவரை பாதி கேள்விக்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது. புல்லில் மாலிப்டினம் குறைவாகவும் இரும்பு அதிகமாகவும் இருந்தால், சினை பிடிக்காததற்கு வேறு காரணத்தைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது

மாட்டின் முதல் வயிற்றில், அதாவது ரூமனில், நுண்ணுயிர்கள் தீவனத்தில் வரும் கந்தகத்தைச் சல்ஃபைடாக மாற்றுகின்றன. அந்தச் சல்ஃபைடும் புல்லில் வந்த மாலிப்டினமும் சேர்ந்து தயோமாலிப்டேட் என்ற கூட்டுப்பொருளாகின்றன. அதற்குத் தாமிரம் என்றால் உயிர். பக்கத்தில் தாமிரம் இருந்தால் பிடித்துக்கொண்டு கரையாத பொருளாகி, சாணத்தோடு வெளியே போய்விடும். இதுவரைக்கும் நஷ்டம் தாமிரம் மட்டும்தான். ரூமனில் பிடிக்கத் தாமிரம் போதவில்லை என்றால் தயோமாலிப்டேட் தன்னந்தனியாக இரத்தத்தில் ஏறுகிறது. ஏறியபின் உடம்புக்குள் இருக்கும் தாமிரத்தையே போய்க் கட்டிப்போடும். கழிச்சலும் சினைத் தொல்லையும் இந்தக் கட்டத்தில்தான் தலைகாட்டுகின்றன என்பது பலருடைய கருத்து. என் கருத்தும் அதுவே.

கந்தகம் இல்லாமல் இது நடக்காது. அதனால் குடிதண்ணீரில் சல்ஃபேட் அதிகம், அல்லது வெல்லப்பாகு போன்ற கந்தகம் மிகுந்த தீவனம் கொடுக்கிறோம் என்றால், அதே அளவு மாலிப்டினம் இன்னும் கடுமையாகத் தாக்கும். இரும்பு தனி வழியில் வேலை செய்கிறது. புல் கட்டையாகத் தின்னப்பட்டு, மாடு மண்ணோடு சேர்த்துக் கடிக்கும்போது இரும்பு ஏராளமாக உள்ளே போகும். மழைக்காலத்தில் சேறு தெறித்த புல்லும் அப்படித்தான்.

மண் எப்படி இதைச் செய்கிறது

ஒரே நிலத்தில் திடீரென்று பிரச்சினை வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "சமீபத்தில் சுண்ணாம்பு போட்டீர்களா?" அமில மண்ணில் மாலிப்டினம் மண்துகளோடு ஒட்டிக்கிடக்கும். சுண்ணாம்பு போட்டு மண்ணைக் கார நிலைப் பக்கம் நகர்த்தினால் அது விடுபட்டுச் செடிக்குள் ஏறும். தாமிரம் அப்படி ஏறாது, கொஞ்சம் குறையவும் செய்யும். விளைச்சலுக்காகப் போட்ட சுண்ணாம்பு, தாமிரத்துக்கும் மாலிப்டினத்துக்கும் இடையிலான விகிதத்தை இரண்டு பக்கமும் கெடுத்துவிடுகிறது. வடிகால் இல்லாத ஈர நிலத்திலும் மாலிப்டினம் கூடுதலாகச் செடிக்குக் கிடைக்கும். குளோவர் போன்ற பயறுவகைத் தீவனச் செடிகள் புல்லைவிட அதிகமாக அதை உறிஞ்சும்.

இதனால் மண் சோதனையில் தாமிரம் எவ்வளவு என்று கேட்பதில் பெரிய பயனில்லை. மண்ணில் இருப்பது வேறு, செடியில் ஏறுவது வேறு. நேராகப் புல்லைச் சோதியுங்கள். மாடு கடிக்கும் உயரத்தில், நிலத்தின் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் கிள்ளிச் சேருங்கள். வேரையும் மண்ணையும் சேர்க்காதீர்கள். குளோவரை மாடு விரும்பித் தின்கிறதென்றால் மாதிரியிலும் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். தாமிரம், மாலிப்டினம், கந்தகம், இரும்பு என்று நான்கும் கேளுங்கள். தாமிரம் மட்டும் பார்த்த அறிக்கை பாதி அறிக்கைதான்.

விகிதத்தைப் படிப்பது இப்படி: தாமிரத்தை மாலிப்டினத்தால் வகுத்தால் 4-க்கு மேல் வந்தால் கவலை குறைவு, 2-க்குக் கீழே வந்தால் நிச்சயம் தொல்லை, இடையில் வந்தால் கந்தகத்தையும் இரும்பையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இரும்பு கிலோவுக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினாலோ, கந்தகம் 0.3 சதவீதத்தைத் தாண்டினாலோ இடைநிலை எண்ணைக் கெட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரத்தச் சோதனை சரி என்று வந்தாலும்

இரத்தத்தில் தாமிரம் என்பது கடைசியாக இறங்கும் அளவு. கல்லீரலில் சேமிப்பு தீரும்வரை இரத்தம் சாதாரணமாகவே காட்டும். ஆக, இரத்தத்தில் குறைவு என்றால் குறை உண்மை, ஆனால் சரி என்று வந்தால் குறை இல்லை என்று சொல்ல முடியாது. சேமிப்பைத் தெரிந்துகொள்ளக் கல்லீரல் மாதிரிதான் நம்பகமானது. காய்ந்த எடையில் கிலோவுக்கு 20 முதல் 25 மில்லிகிராமுக்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். அறுக்கப்பட்ட மாட்டின் கல்லீரல் துண்டு கிடைத்தால் விடாதீர்கள், உயிரோடிருக்கும் மாட்டில் கால்நடை மருத்துவர் ஊசி வைத்து எடுக்க வேண்டியிருக்கும்.

இரத்த மாதிரியில் இன்னும் இரண்டு ஏமாற்று வேலைகள் இருக்கின்றன. வீக்கமோ தொற்றோ இருந்தால் தாமிரம் ஏற்றிய புரதமான செருலோபிளாஸ்மின் இரத்தத்தில் கூடும், அளவு ஏறிக்காட்டும். மடிநோய் வந்த பசுவை மாதிரிக்குத் தேர்ந்தெடுத்தால் மந்தையே நலமாகத் தெரியும். அடுத்தது இன்னும் விஷமம் வாய்ந்தது. தயோமாலிப்டேட் இரத்தத்திலேயே தாமிரத்தைக் கட்டிவைத்திருக்கும். மொத்தத் தாமிரத்தை அளக்கும் சோதனை அதையும் எண்ணிக்கொள்ளும். சீட்டில் நல்ல எண், உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆகவே முடி வெளுத்திருக்கிறது, புல்லில் மாலிப்டினம் உயர்ந்திருக்கிறது, ஆனால் இரத்தம் சரி என்று வந்தால் புல்லை நம்புங்கள். செருலோபிளாஸ்மினைத் தனியாக அளந்து பார்க்கச் சொன்னால் உண்மை கொஞ்சம் வெளிச்சத்துக்கு வரும்.

ஒரு மாட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள், ஆரோக்கியமாகத் தெரிபவற்றையும் சேர்த்து ஆறு முதல் பத்து மாடுகளில் எடுங்கள். நுண்தாதுக்கான குழாயில் எடுப்பது நல்லது. பிளாஸ்மா கேளுங்கள், உறைந்த இரத்தத்தின் சீரத்தில் எண் கொஞ்சம் குறைந்தே வரும்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு 20 கிடாரிகள், ஒவ்வொன்றும் 300 கிலோ, சுண்ணாம்பு இட்ட குளோவர் கலந்த மேய்ச்சல். ஒரு கிடாரி நாளுக்குக் காய்ந்த எடையில் 7 கிலோ மேய்கிறது. புல் அறிக்கை இப்படி வருகிறது: தாமிரம் கிலோவுக்கு 8 மில்லிகிராம், மாலிப்டினம் 4 மில்லிகிராம், கந்தகம் 0.35 சதவீதம், இரும்பு 300 மில்லிகிராம்.

தாமிரம் 8 என்பதைப் பார்த்தால் பயமே இல்லை. ஆனால் விகிதம் 2-தான், மேலே கந்தகமும் இரும்பும் எல்லையைத் தாண்டியிருக்கின்றன. கிடாரி நாளுக்குப் பெறும் தாமிரம் 8 × 7, அதாவது 56 மில்லிகிராம். மாலிப்டினம் 28 மில்லிகிராம். விகிதத்தை 4-க்குக் கொண்டுவர 112 மில்லிகிராம் தாமிரம் வேண்டும். ஆக நாளுக்கு இன்னும் 56 மில்லிகிராம் தேவை. மயில்துத்தத்தில், அதாவது காப்பர் சல்பேட் படிகத்தில், கால் பங்கு தாமிரம். 56-ஐ 4-ஆல் பெருக்கினால் 224 மில்லிகிராம் மயில்துத்தம் ஒரு கிடாரிக்கு, 20 கிடாரிகளுக்கும் சேர்த்து நாளுக்கு சுமார் 4.5 கிராம்.

இதை நேராகத் தொட்டியில் கொட்ட முடியாது. ஒரு மாட்டுக்கு நாளுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுப்பதானால், ஒரு கிலோ கலவையில் 4.5 கிராம் மயில்துத்தம் என்று சீராகக் கலந்து, அதை அடர்தீவனத்தோடு பிரட்டிக் கொடுப்பதே பாதுகாப்பு. அதற்கு முன் இப்போது கொடுக்கும் கலவையின் பைமேல் தாமிரம் எவ்வளவு என்று படியுங்கள். கிலோவுக்கு 1000 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் 50 கிராமிலேயே 50 மில்லிகிராம் கிடைத்துவிடுகிறது. பிறகு ஏற்கெனவே கொடுப்பது ஏன் வேலை செய்யவில்லை என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் சில மாடு அதிகமாக நக்கும், சில மாடு கிட்டவே வராது. நக்குக்கட்டியை நம்பினால் இந்த ஏற்றத்தாழ்வு கட்டாயம் வரும்.

இந்த அளவில் மொத்தத் தீவனத்தில் தாமிரம் கிலோவுக்கு 16 மில்லிகிராம் ஆகிறது. மாடுகளுக்கு மேல்வரம்பாக 40 என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2005-ல் குறித்தது, அதனால் தாராளமாகவே இடமிருக்கிறது. ஆனாலும் மேலே மேலே ஏற்றாதீர்கள், மாடுகளிலும் கல்லீரல் சேமிப்பு நிரம்பி நஞ்சாவது உண்டு.

மாலிப்டினம்தான் வில்லன் என்றால் தினமும் தீவனத்தில் தாமிரம் கொடுப்பதற்கு ஒரு கூடுதல் அனுகூலம் இருக்கிறது. அது ரூமனிலேயே தயோமாலிப்டேட்டைப் பிடித்துவிடும். ஊசியில் போட்ட தாமிரம் கல்லீரலை நிரப்பும், ஆனால் ரூமனில் நடப்பதை நிறுத்தாது, சில மாதத்தில் தீர்ந்தும் போகும். அடர்தீவனமே கொடுக்காத மேய்ச்சல் மந்தைக்குக் காப்பர் ஆக்ஸைடு கம்பித்துண்டுகள் அடைத்த மாத்திரை ஒரு வழி. அது நான்காம் வயிற்றில் தங்கி மாதக்கணக்கில் மெல்லக் கரையும். எது கொடுத்தாலும் ஒன்றைத்தான் கொடுக்க வேண்டும். ஊசி, மாத்திரை, கலவை என்று மூன்றையும் அடுக்குவதில்தான் விபத்துகள் நடக்கின்றன.

பலித்ததா என்று எப்படித் தெரியும்

எல்லா மாட்டுக்கும் ஒரே சமயத்தில் கொடுத்துவிட்டால், பலன் தாமிரத்தால் வந்ததா, மழையால் வந்ததா என்று தெரியாது. கலவையை மாட்டு வாரியாகப் பிரித்துக் கொடுப்பது கஷ்டம் என்பதால் இந்தச் சோதனைக்கு மட்டும் மாத்திரையோ ஊசியோ பயன்படுத்தி, பத்துக்குக் கொடுத்துப் பத்தை விட்டுவையுங்கள். காதில் அடையாளம் போடுங்கள். கழிச்சல் இருந்தால் சில நாளில் நிற்கும். முடி உடனே மாறாது, வெளுத்த முடி வெளுத்ததுதான். நான்கு முதல் ஆறு வாரத்தில் அடியில் கரும்முடி முளைத்து, நுனி பழுப்பும் அடி கருப்புமாக இரட்டை நிறம் தெரிந்தால் பலித்திருக்கிறது. சினைக்கு 21 நாள் சுழற்சி இரண்டு மூன்றாவது கடக்க வேண்டும். கொடுத்தவற்றுக்கும் கொடுக்காதவற்றுக்கும் வேறுபாடே இல்லையென்றால் உங்கள் மந்தையில் பிரச்சினை தாமிரம் கிடையாது என்று ஒத்துக்கொண்டு, மேலே சொன்ன மற்ற காரணங்களுக்குத் திரும்புங்கள்.

செம்மறி இருந்தால்

இந்தக் கணக்கு எதையும் செம்மறிக்கு எடுத்துச் செல்லாதீர்கள். செம்மறி தாமிரத்தைக் கல்லீரலில் சேர்த்துக்கொண்டே போகும், வெளியேற்றத் தெரியாது. அதே மன்றம் செம்மறிக்கு வைத்த மேல்வரம்பு கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான். புல்லில் மாலிப்டினம் குறைவாக இருந்தால் அதைவிடக் குறைவான அளவிலும் நஞ்சு சேரும். மாதக்கணக்கில் எதுவும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் இடமாற்றமோ பட்டினியோ அதிர்ச்சி தர, கல்லீரல் சேர்த்ததை ஒரேயடியாக இரத்தத்தில் கொட்டும். கண்ணும் வாயும் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகும், ஓரிரு நாளில் ஆடு செத்துவிடும். அந்த நிலையில் வெளுத்த முடியைப் பார்த்து இன்னும் தாமிரம் கொடுத்தவர்களும் உண்டு.

மாடும் செம்மறியும் ஒரே கொட்டிலில் நின்றால், மாட்டுக்கான கலவைத் தொட்டியை ஆடு எட்டாத உயரத்தில் வையுங்கள். செம்மறிக்கு உண்மையிலேயே குறை இருந்தால், கல்லீரல் அல்லது இரத்தச் சோதனை எடுத்து மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள். சினை ஆட்டில் குறை இருந்தால் குட்டி பிறக்கும்போதே பின்கால் இழுத்துக்கொண்டு, நிற்க முடியாமல் வரும், சில குட்டிகளுக்குப் பிறந்து மூன்று மாதத்துக்குள் இது தெரியவரும். நரம்பில் ஏற்பட்ட சேதம் பிறகு தாமிரம் கொடுத்தாலும் திரும்பாது, அதனால் தாய்க்குச் சினைக்காலத்தின் நடுவிலேயே சோதனை முடித்துவிட வேண்டும்.